n log n எல்லையை விளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

n எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதற்கு ஏறத்தாழ n log n ஒப்பீடுகள் ஏன் தேவை என்று கேட்டால், மெர்ஜ் சார்ட் பட்டியலை மீண்டும் மீண்டும் இரண்டாகப் பிரிப்பதால்தான் என்று பலர் விடை எழுதுகிறார்கள். இதுவே முதன்மையான தவறு. அந்த விடை மெர்ஜ் சார்ட்டுக்கு எத்தனை ஒப்பீடுகள் போதும் என்பதை மட்டுமே சொல்கிறது. வேறு எந்த முறையாலும் அதைவிடப் பெரிதாகக் குறைக்க முடியாது என்பதை அது நிறுவுவதில்லை. அதை நிறுவ, முறைகளை விட்டுவிட்டு, சாத்தியமான வரிசைகளை எண்ண வேண்டும்.

வெவ்வேறான நான்கு எண்கள் 4! = 24 வரிசைகளில் ஏதேனும் ஒன்றில் நமக்கு வந்து சேரலாம். ஒவ்வோர் ஒப்பீட்டுக்கும் ஆம், இல்லை என இரண்டே விடைகள் இருப்பதால், நான்கு ஒப்பீடுகளின் விடைகள் அதிகபட்சம் 16 விதமாகவே அமையும். அப்படியானால் 24 வரிசைகளில் ஏதோ இரண்டு ஒரே விடைகளைத் தரும். இரண்டையும் நிரல் ஒரே விதமாகவே மாற்றியமைக்கும் என்பதால், ஒன்று தவறாகவே முடியும். ஆகவே மிக மோசமான நிலையில் ஐந்து ஒப்பீடுகளாவது தேவை. மெர்ஜ் சார்ட் சரியாக ஐந்தில் முடிக்கிறது: இரண்டு இணைகளுக்கு ஒவ்வொன்று, அவற்றைச் சேர்க்க அதிகபட்சம் மூன்று. ஒவ்வோர் எண்ணையும் அதற்கு முன்னுள்ளவற்றுடன் ஒப்பிட்டு உரிய இடத்தில் செருகும் இன்சர்ஷன் சார்ட்டுக்கு 1 + 2 + 3 = 6 வரை ஆகலாம்.

இதே வாதம் n உறுப்புகளுக்கு log₂(n!) என்ற எல்லையைத் தருகிறது, அதன் மதிப்பு ஏறத்தாழ n log₂ n − 1.44n. நான்கு எண்களில் ஒன்றாக இருந்த வித்தியாசம், பத்து லட்சம் எண்களில் எப்படி விரிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்: கீழ் எல்லை சுமார் 1.85 கோடி, மெர்ஜ் சார்ட்டின் மோசமான நிலை சுமார் 1.9 கோடி, இன்சர்ஷன் சார்ட்டின் மோசமான நிலை n(n−1)/2, அதாவது ஏறத்தாழ 50,000 கோடி.

செருகும் இடத்தை பைனரி சர்ச் மூலம் கண்டுபிடித்தால் இன்சர்ஷன் சார்ட்டும் n log n வேகத்தை எட்டிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஒப்பீடுகள் உண்மையில் அந்த அளவுக்குக் குறைகின்றன. ஆனால் இறங்குவரிசையில் உள்ள அணியை ஏறுவரிசையாக்கும்போது, புதிதாக வரும் ஒவ்வோர் எண்ணுக்கும் இடம் கொடுக்க அதற்கு முன்னுள்ள அனைத்தும் ஓரிடம் நகர வேண்டியிருப்பதால், நகர்த்தல்கள் n(n−1)/2 ஆகவே நீடிக்கின்றன. ஒப்பீடுகளை மட்டும் எண்ணினால் இந்தச் செலவு கண்ணில் படாது.

இந்த எல்லை எல்லா உள்ளீடுகளுக்கும் பொருந்தும் என்று கொள்வதும் சரியன்று. ஏற்கெனவே வரிசையாக உள்ள பட்டியலை இன்சர்ஷன் சார்ட் n−1 ஒப்பீடுகளில் முடித்துவிடும். பெரியது முன்னும் சிறியது பின்னுமாக இடம் மாறியுள்ள இணைகள் எத்தனையோ அத்தனை நகர்த்தல்களே அதற்குத் தேவை. பைத்தானுக்காக உருவாக்கப்பட்ட டிம்சார்ட் சிறு துண்டுகளுக்கு இன்சர்ஷன் சார்ட்டைப் பயன்படுத்துவதும், சிறிய அளவில் அதன் கூடுதல் வேலை குறைவு என்பதால்தான். 0 முதல் 120 வரையிலான வயதுகளை கவுண்டிங் சார்ட் நேர்விகித நேரத்தில் வரிசைப்படுத்துவதும் இந்த எல்லைக்கு முரணானதன்று. அது இரண்டு வயதுகளை ஒப்பிடுவதே இல்லை, வயதையே அணியின் சுட்டெண்ணாகக் கொள்கிறது.