தினமும் ஒரு ஸ்பூன் பட்டைப் பொடி: கல்லீரல் விஷயத்தில் எங்கே தவறு செய்கிறோம்

பிரியாணியில் கிடக்கும் பட்டையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் 'பட்டை கல்லீரலைக் கெடுக்கும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியைப் படித்துவிட்டு, கரம் மசாலா டப்பாவைத் தூக்கிப் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதே வீட்டில் சர்க்கரை குறையும் என்று காலையில் வெறும் வயிற்றில் பட்டைப் பொடி கலந்த வெந்நீரும் ஓடிக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டிய இடத்தில் யாரும் பயப்படுவதில்லை.

விஷயத்தின் மையத்தில் இருப்பது பட்டையில் உள்ள கூமரின் என்ற வாசனைப் பொருள். அளவு மீறினால் சிலருடைய கல்லீரலைப் பாதிப்பது இதுதான். காய்ந்த புல்லில் வருகிற இனிப்பான மணத்தில் இதற்கும் பங்கு உண்டு. நம் மளிகைக் கடையில் 'பட்டை' என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது காசியா. வியட்நாம், சீனா, இந்தோனேசியா பக்கமிருந்து வருவது. இதில் ஒரு கிராமுக்குச் சராசரியாக 3 மில்லிகிராம் கூமரின் இருக்கிறது. சரக்கைப் பொறுத்து 7, 8 மில்லிகிராம் வரையும் போகும். இலங்கையில் விளையும் உண்மையான கருவாப்பட்டையில் கூமரின் மிக மிகக் குறைவு. பல மாதிரிகளில் கண்டுபிடிக்கவே சிரமப்படும் அளவு. இரண்டும் ஒரே குடும்பத்து மரங்கள்தான், ஆனால் இந்த ஒரு பொருளில் நூறு மடங்குக்கு மேல்கூட வித்தியாசம் வந்துவிடுகிறது.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கூமரினுக்கு வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம். வாழ்நாள் முழுவதும் தினமும் அந்த அளவு உள்ளே போனாலும் பாதிப்பில்லை என்று கணக்கிட்டு, நிறைய இடைவெளி விட்டு வைத்த எண் இது. ஓரிரு வாரங்களுக்கு அதைப்போல மூன்று மடங்கு போனால்கூடக் கவலைப்பட வேண்டாம் என்று அதே ஆணையம் சொல்லியிருக்கிறது. ஆக, ஒரு கல்யாணச் சாப்பாடோ தீபாவளி வாரமோ இங்கே கணக்கில் வராது. மாதக்கணக்கில் தினமும் போவதுதான் கணக்கு.

அந்தக் கணக்கை ஒருவரை வைத்துப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ள ஒரு அம்மா, சர்க்கரை நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய வரம்பு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம். காலையில் தட்டையாக ஒரு தேக்கரண்டிப் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கிறார். அது சுமார் இரண்டரை கிராம், சராசரிக் காசியா என்றால் 7.5 மில்லிகிராம் கூமரின். அதிலேயே வரம்பு தாண்டியாயிற்று. மகன் வாங்கித் தந்த 500 மில்லிகிராம் பட்டைக் கேப்ஸ்யூல் இரவில் இரண்டு. இன்னும் 3 சேர்ந்து 10.5. வாங்கிய சரக்கு கொஞ்சம் காட்டமானதாக, கிராமுக்கு 7 மில்லிகிராம் என்று அமைந்துவிட்டால் அதே பழக்கம் 24.5 மில்லிகிராமில் போய் நிற்கும். நான்கு மடங்கு. அதுவும் நாள் தவறாமல், ஏனென்றால் மருந்தாக நினைத்துச் சாப்பிடுபவர்கள்தான் ஒரு நாள்கூட விடாமல் சாப்பிடுவார்கள்.

இப்போது பிரியாணிக்கு வருவோம். ஒரு கிலோ அரிசிக்கு 5 கிராம் பட்டை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 15 மில்லிகிராம். பத்துப் பேர் சாப்பிடுகிறார்கள். பட்டையை யாரும் மென்று விழுங்குவதில்லை, ஒதுக்கித்தான் வைக்கிறோம். ஆளுக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கும் கீழேதான் போகும்.

எங்கிருந்து வந்தது இந்த ஒரு ஸ்பூன் பழக்கம்? 2003-இல் பாகிஸ்தானில் நடந்த ஓர் ஆய்வில், சர்க்கரை நோயாளிகளுக்குத் தினம் 1, 3, 6 கிராம் என்று காசியாவை 40 நாள் கொடுத்துப் பார்த்து, சர்க்கரையும் கொழுப்பும் குறைந்ததாகச் சொன்னார்கள். உலகமே பிடித்துக்கொண்டது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள் ஒரே மாதிரி பேசவில்லை. சிலவற்றில் பலன் இருந்தது, சிலவற்றில் இல்லை. ஆனால் 'தினம் ஒரு ஸ்பூன்' மட்டும் நிலைத்துவிட்டது. அந்த ஆய்வு 40 நாளில் முடிந்தது என்பதையும், நாம் நான்கு வருடமாகக் குடிக்கிறோம் என்பதையும் யாரும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

'பொடியாகச் சாப்பிட்டால்தானே வம்பு, நான் கஷாயம் வைத்துப் பட்டையை வடிகட்டிவிடுகிறேனே' என்பார்கள். கூமரின் வெந்நீரில் நன்றாகவே கரையும். ஒரு டம்ளர் தண்ணீரில் கரைய வேண்டியது சில மில்லிகிராம்தான், அதற்குக் கொதிநீர் தாராளம். பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் அதில் பெரும்பங்கு டம்ளருக்கு வந்துவிடும், சக்கை மட்டும் குப்பைக்குப் போகும். வறுத்தால், சுட்டால் போய்விடும் என்பதும் சரியில்லை. 2006-இல் ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் நட்சத்திர வடிவப் பட்டை பிஸ்கட்டுகளைச் சோதித்தபோது அனுமதித்ததைவிடப் பல மடங்கு கூமரின் இருந்தது. அத்தனையும் அடுப்பில் வெந்து வந்த பிஸ்கட்டுகள். அதையொட்டி அங்கே எழுந்த சர்ச்சைக்குப் பிறகு, பாரம்பரியப் பண்டிகைப் பலகாரங்களுக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம், மற்ற பேக்கரிப் பண்டங்களுக்கு 15 என்று ஐரோப்பாவில் தனித்தனி வரம்பு வந்தது. டென்மார்க்காரர்களின் பட்டை பன் இதில் எந்த வகை என்று பிறகு பெரிய சண்டையே நடந்தது, அது வேறு கதை.

கல்லீரலில் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரும்பாலானவர்களின் கல்லீரல் கூமரினைத் தீங்கில்லாத வேறொரு பொருளாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதியினருக்கு மட்டும் ஒத்துக்கொள்வதில்லை, ரத்தப் பரிசோதனையில் கல்லீரலின் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. அளவுகள் ஏறத் தொடங்கும், அரிதாக மஞ்சள் காமாலை வரை போகும். இது ஊகமாகச் சொல்வதில்லை. கை கால் வீக்கத்துக்குக் கூமரினையே மருந்தாகக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. கல்லீரல் பாதிப்பு தெரியவந்த பிறகு 1996-இல் ஆஸ்திரேலியாவில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த அனுபவத்திலிருந்து தெரிந்த நல்ல செய்தி, நிறுத்தினால் பெரும்பாலும் அளவுகள் பழைய நிலைக்கு இறங்கிவிடும் என்பது. கெட்ட செய்தி, அந்தச் சிறு பகுதியில் நாம் இருக்கிறோமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழியில்லை.

கூமரின் என்றாலே ரத்தத்தை இளக வைக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. ரத்தம் உறையாமல் தடுக்கக் கொடுக்கும் வார்ஃபரின் மாத்திரை அதே வேதிக் குடும்பத்தில் பிறந்ததால் வந்த குழப்பம். பட்டையில் இருக்கும் கூமரினுக்கு அந்தக் குணம் கிடையாது. வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் எந்தச் சரக்கையும் மருந்தளவில் சேர்க்கும் முன் டாக்டரிடம் கேட்பது நல்லது, ஆனால் பட்டையைப் பொறுத்தவரை இங்கே பிரச்சினை கல்லீரல்.

சரி, இலங்கைப் பட்டையை வாங்கிவிட்டால் தீர்ந்ததா? பாதி தீரும். அதை அடையாளம் காண்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். முழுப் பட்டையாக வாங்கினால் கண்ணும் விரலும் போதும். காசியா தடியாக, மரத்துண்டு போல இருக்கும். ஒரே பட்டை இரண்டு ஓரமும் உள்பக்கம் சுருண்டிருக்கும், அல்லது சுருளாமல் தட்டைச் சில்லாகவே வரும். நிறம் செம்பழுப்பு. கையால் ஒடிக்கப் பார்த்தால் விரல் வலிக்கும். இலங்கைக் கருவாவில் வெளித்தோலைச் சீவி எறிந்துவிட்டு உள்பட்டையை மட்டும் உரித்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சுருட்டிக் காயவைக்கிறார்கள். அதனால் குறுக்கே வெட்டிய முனையைப் பார்த்தால் சுருட்டின் வாய் போல மெல்லிய ஏடுகள் பல தெரியும். லேசாக அழுத்தினாலே பொலபொலவென்று நொறுங்கும். நிறம் வெளிர் பழுப்பு, வாசனையில் காரம் கம்மி. காட்டமாக இருப்பதுதான் அசல் என்று நம்பி முகர்ந்து வாங்கினால் நேராகக் காசியாவைத்தான் எடுப்பீர்கள்.

பொடியில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. நிறத்தை வைத்துச் சொல்கிறேன் என்பவரை நம்ப வேண்டாம். பொடியில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று ஆய்வகத்தில்தான் தெரியும். 'சிலோன்' என்று பெரிதாக அச்சடித்த பாக்கெட்டாக இருந்தாலும், பின்பக்கம் பொடி எழுத்தில் தாவரப் பெயரைத் தேடிப் பாருங்கள். சின்னமோமம் வேரம் அல்லது சைலானிக்கம் என்றிருந்தால் அது இலங்கைப் பட்டை. காசியா, பர்மனி, லூரேரி என்றிருந்தால் மற்றவை. கேப்ஸ்யூல் டப்பாவுக்கும் இதே பரிசோதனை. பெயரே போடவில்லை என்றால் காசியா என்றே வைத்துக்கொள்வேன், அதுதான் மலிவு. பேசாமல் சுருள் பட்டையாக வாங்கி மிக்சியில் அடித்துக்கொள்வது மேல், அது மெல்லியது என்பதால் பிளேடுக்கும் கஷ்டமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் கை இன்னும் அடங்கி இருக்க வேண்டும். 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு வரம்பு ஒன்றரை மில்லிகிராம், அதாவது சராசரிக் காசியாவில் அரை கிராம். தினமும் பாலில் கால் தேக்கரண்டி தூவினால் அதைத் தாண்டிவிடும். ஓட்ஸ், பால் என்று தினம் சேர்ப்பதாக இருந்தால் இலங்கைப் பட்டையையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கல்லீரலில் கொழுப்பு, மஞ்சள் காமாலை என்று ஏதாவது இருந்தவர்கள், கொழுப்புக்கு ஸ்டேட்டின் மாத்திரை போடுபவர்கள், தினம் மது அருந்துபவர்கள் காசியாவை மருந்தளவில் தொடவே கூடாது என்பது என் கருத்து. ஸ்டேட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்த 70 வயது தாண்டிய ஒரு அமெரிக்கப் பெண், ஒரு வாரம் பட்டைக் கேப்ஸ்யூல் சேர்த்துக்கொண்ட பிறகு கல்லீரல் அழற்சியோடு மருத்துவமனையில் சேர்ந்ததாக 2015-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஒற்றை நிகழ்வு, அதை வைத்துப் பொதுவிதி சொல்ல முடியாது. ஆனால் நம் ஊரில் சர்க்கரைக்குப் பட்டை குடிப்பவர்களில் ஸ்டேட்டின் போடாதவர்கள் எத்தனை பேர்?

எஸ்.ஜி.பி.டி. ஏறியிருக்கிறதே, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கும்போது 'ஒன்றுமில்லை' என்று சொல்வதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பட்டைத் தண்ணீர் நமக்கு மருந்துக் கணக்கில் வருவதில்லை, அதனால் வாயில் வருவதில்லை. எவ்வளவு, எத்தனை மாதமாக, எந்தப் பட்டை என்று மூன்றையும் சொல்லுங்கள். முடிந்தால் பாக்கெட்டையே எடுத்துப் போங்கள். நிறுத்திவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பார்த்தால், காரணம் பட்டையா வேறு ஏதாவதா என்று அவருக்கு ஓரளவு புரிந்துவிடும். பசியின்மை, ஓயாத அசதி, டீ நிறத்தில் சிறுநீர், கண்ணில் மஞ்சள் இவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த பரிசோதனை தேதி வரும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போய்ப் பாருங்கள்.