அடிக்கடி தாமதமாக வரும் தொழிலாளிக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதுவது எப்படி?

திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் பணியாளர் பிரிவு வேலை பார்க்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான். பெரும்பாலும் பழைய ஃபைலில் இருந்து ஒன்றை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றிக் கொண்டுவருவார்கள். "தாங்கள் தொடர்ந்து பணிக்குத் தாமதமாக வருவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது" என்று அது தொடங்கும். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை முறை என்று ஒன்றுமே இருக்காது. வாங்குபவர் "எல்லாரும்தான் லேட்டா வர்றாங்க, என்னை மட்டும் ஏன்?" என்று கேட்டால் அந்தக் கடிதத்தால் பதில் சொல்ல முடியாது.

நான் கையாண்ட ஒரு கேஸை வைத்தே சொல்கிறேன். ஓவர்லாக் டெய்லர் ஒருவர். ஷிப்ட் காலை 8.30. பத்து நிமிடம் வரை கேட்க மாட்டோம். அவர் வரத் தாமதமானால் அடுத்த மெஷினில் இருக்கும் பேட்லாக் டெய்லருக்குப் பீஸ் வராது, அவரும் சும்மா உட்கார்ந்திருப்பார். செப்டம்பரில் இவர் ஒன்பது நாள் தாமதம் என்று சூப்பர்வைசர் பட்டியல் கொடுத்தார்.

முதலில் பட்டியலைச் சலியுங்கள்

சூப்பர்வைசர் கொடுத்த ஒன்பதை அப்படியே எழுதிவிடக் கூடாது. பஞ்சிங் மெஷின் பதிவை எடுத்து ஒவ்வொரு நாளாகப் பாருங்கள். 16-ஆம் தேதி மெஷின் வேலை செய்யாததால் நோட்டில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள், நேரம் எழுதவில்லை. அந்த நாளை எடுத்துவிட்டேன். 19-ஆம் தேதி ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நாளே பர்மிஷன் கேட்டிருந்தார், அதையும் எடுத்துவிட்டேன். மிச்சம் ஏழு நாள். ஒன்பதில் ஒன்று தவறு என்று அவர் காட்டிவிட்டால் மற்ற எட்டையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஏழு போதும்.

இன்னொன்றையும் அப்போதே பாருங்கள். அதே லைனில் அதே அளவு தாமதமாக வரும் வேறு ஆள் இருக்கிறாரா? இருந்தால் அவருக்கும் இதே நடவடிக்கை உண்டா? இல்லையென்றால் கடிதத்தை நிறுத்திவையுங்கள்.

எச்சரிக்கைக்கு முன் விளக்கம் கேளுங்கள்

முதலில் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன தேதியைக் குறித்துவைக்க வேண்டும். இந்தக் கேஸில் 9-ஆம் தேதி மாலை சொல்லியாயிற்று. அப்புறமும் மூன்று நாள் தாமதம். அதனால் 26-ஆம் தேதி, தேதிகளைப் போட்டு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தோம். பதில் எழுத மூன்று நாள்.

எழுதத் தயங்கியவர் நேரில் சொன்னார்: "வீட்டுக்காரருக்கு டையிங்ல நைட் ஷிப்ட்டுங்க. அவரு வர எட்டரை ஆயிருது. அதுவரைக்கும் குழந்தையப் பாத்துக்க ஆளில்லீங்க." அவர் சொன்னதை அப்படியே எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினேன். காரணம் உண்மையானது. ஆனால் சொல்லாமல் வருவதால் லைன் நிற்பதும் உண்மை. கடிதத்தில் இரண்டுமே இருக்க வேண்டும். மேனேஜரிடம் பேசி, இரண்டு மாதத்துக்கு 9 மணிக்கு வந்து மாலை அரை மணி நேரம் கூடுதலாக நிற்கலாம் என்று அனுமதி வாங்கினேன். காலையில் அவர் வரும்வரை அரை மணிக்குக் கைமடிக்கும் பெண்ணை ஓவர்லாக்கில் உட்கார வைத்தார்கள்.

கடிதம்

நாள்: 30 செப்டம்பர்
பெறுநர்: (பெயர்), டோக்கன் எண், ஓவர்லாக் பிரிவு
பொருள்: பணிக்குத் தாமதமாக வருதல், முதல் எழுத்துபூர்வ எச்சரிக்கை

உங்கள் பணி நேரம் காலை 8.30. செப்டம்பர் மாதத்தில் கீழ்க்கண்ட ஏழு நாட்களில் முன் அனுமதி இல்லாமல் தாமதமாக வந்துள்ளீர்கள்:
2-ஆம் தேதி 8.52, 4-ஆம் தேதி 8.49, 8-ஆம் தேதி 9.05, 9-ஆம் தேதி 8.46; 12-ஆம் தேதி 8.55, 23-ஆம் தேதி 9.10, 25-ஆம் தேதி 8.51. மொத்தம் 178 நிமிடங்கள்.

9-ஆம் தேதி உங்கள் மேற்பார்வையாளர் இது பற்றி உங்களிடம் பேசினார். அதன் பிறகும் மூன்று நாட்கள் தாமதமாக வந்துள்ளீர்கள். காலையில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்ற உங்கள் 29-ஆம் தேதி விளக்கத்தை ஏற்கிறோம். ஆனால் தகவல் சொல்லாமல் தாமதமாக வந்ததை ஏற்க இயலாது.

அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை நீங்கள் காலை 9 மணிக்கு வந்து மாலையில் அரை மணி நேரம் கூடுதலாகப் பணி செய்யலாம். அந்த நேரத்துக்கு வர முடியாத நாளில் 8.30-க்குள் மேற்பார்வையாளருக்குப் போன் செய்ய வேண்டும். இந்தக் காலத்தில் தகவல் இல்லாமல் மூன்று முறை தாமதமானால் குற்றச்சாட்டுக் குறிப்பாணை கொடுத்து விசாரணை நடத்தப்படும்.

இக்கடிதம் பற்றி நீங்கள் சொல்ல விரும்புவதை ஏழு நாட்களுக்குள் எழுதிக் கொடுக்கலாம்.

இவ்வளவுதான். "பொறுப்பற்ற", "அலட்சியமான" என்ற சொற்கள் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். 9.10 என்ற எண்ணை யாரும் மறுக்க முடியாது. "அலட்சியம்" என்றால் அங்கேயே சண்டை ஆரம்பிக்கும்.

பலரும் தவறு செய்வது தண்டனை வரியில்

"இனி ஒரு நாள் தாமதமானாலும் வேலையை விட்டு நீக்கப்படுவீர்கள்" என்று எழுதாதீர்கள். மாதிரி நிலையாணைகளில் தாமதம் தவறான நடத்தையாக இருப்பது உண்மைதான். ஆனால் அங்கே சொல்லியிருப்பது வழக்கமாகத் தாமதமாக வருவதை. விளக்கமும் விசாரணையும் இல்லாமல் நீக்கினால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். செய்யப்போவதை மட்டும் எழுதுங்கள்.

சம்பளப் பிடித்தமும் அப்படித்தான். பதினைந்து நிமிடத்துக்கு அரை நாள் சம்பளத்தைப் பிடிக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது தவறு. வேலை செய்யாத நேரத்துக்கு உரிய அளவு மட்டுமே பிடிக்கலாம், இங்கே 178 நிமிடத்துக்கான கூலி. முன்பு இருந்த 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டம் இதைத்தான் சொன்னது, அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இதையே சொல்கிறது. அபராதம் என்பது வேறு. அதற்குத் தொழிலாளியின் விளக்கத்தைக் கேட்டிருக்க வேண்டும், அந்தச் சம்பளக் காலத்தின் கூலியில் 3 சதவீதத்தைத் தாண்டவும் கூடாது.

கையில் கொடுக்கும்போது

லைனில் எல்லார் முன்னாலும் நீட்டாதீர்கள். ஆபீஸுக்குக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, படித்துக் காட்டுங்கள். தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளி என்றால் அவருக்குத் தெரிந்த மொழியில் ஒரு பிரதி வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்து வாங்குங்கள். வாங்கியதற்குத்தான் அந்தக் கையெழுத்து, ஒப்புக்கொண்டதற்கு அல்ல என்று சொல்லிவிட்டால் பாதிப் பேர் தயங்காமல் போடுவார்கள். மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். அங்கிருந்த இருவரின் சாட்சிக் கையெழுத்தோடு குறிப்பு எழுதி, வீட்டு முகவரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை ஃபைலில் வையுங்கள்.

நவம்பர் 30-ஐக் காலண்டரில் குறித்துவைக்க வேண்டும். கெடு முடிந்ததும் திரும்பிப் பார்க்காவிட்டால் அடுத்த கடிதத்தை யாரும் மதிக்க மாட்டார்கள். அந்த டெய்லர் இரண்டு மாதத்தில் ஒரே ஒரு நாள் தாமதமாக வந்தார். அன்றும் 8.20-க்கே போன் வந்துவிட்டது. டிசம்பர் முதல் வாரத்தில் "எச்சரிக்கைக் காலம் குறையின்றி முடிந்தது" என்று இரண்டு வரி எழுதி, ஒரு பிரதியை அவர் கையிலும் கொடுத்தேன். அதை மடித்து டிபன் பைக்குள் வைத்துக்கொண்டு மெஷினுக்குப் போனார்.