செல்லப்பிராணியோடு வாடகை வீடு தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செல்லப்பிராணியோடு புதிதாக வாடகை வீடு தேடுவோருக்குத் துணையாகச் செல்லும்போதெல்லாம், முன்பு நாங்கள் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைப் பார்க்கிறேன். ஜன்னலுக்கு வலை அடிப்பது, தடுப்பூசி அட்டையைப் பத்திரப்படுத்துவது போன்றவை எல்லோரும் அறிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

'24 மணி நேரமும்' என்ற பலகையை நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். அந்தப் பலகை மாட்டிய பல கால்நடை மருத்துவமனைகளில் இரவில் இருப்பவர் உதவியாளர் மட்டுமே.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞரின் ஆண் பூனை ஒருநாள் மாலை முதல் மணல் தட்டுக்குத் திரும்பத் திரும்பச் சென்று முக்கியது; சொட்டுச் சிறுநீரும் வரவில்லை. மலச்சிக்கல் என்று எண்ணி அவர் நள்ளிரவு வரை காத்திருந்தார். வீட்டுக்கு அருகிலிருந்த மருத்துவமனைக்குத் தூக்கிச் சென்றபோது, "டாக்டர் காலையில்தான் வருவார்" என்றார் உதவியாளர். ஆண் பூனையின் சிறுநீர்ப் பாதை மிகவும் குறுகலானது. அது முழுமையாக அடைத்துக்கொண்டால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு தடுமாறும். ஓரிரு நாட்களுக்குள் உயிரே போய்விடலாம். ஊரின் மறுகோடியில் மருத்துவர் ஒருவர் கிடைத்து, மயக்க மருந்து கொடுத்து மெல்லிய குழாய் செலுத்தி அடைப்பை நீக்கியபோது, சிறுநீர்ப்பை கல்லாக இறுகியிருந்தது. பூனை பிழைத்தது, ஆனால் உள்நோயாளியாகப் பல நாட்கள் இருக்க வேண்டியிருந்தது.

ஆகவே, வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அருகிலுள்ள மருத்துவமனையை இரவில் தொலைபேசியில் அழைத்துப் பாருங்கள். இந்நேரத்தில் மருத்துவர் கட்டடத்திலேயே இருக்கிறாரா, அழைத்தால்தான் வருவாரா என்று கேளுங்கள். பூனையின் சிறுநீர் அடைப்பை நீக்குவது, இரத்தப் பரிசோதனை, ஆக்சிஜன் ஆகியவற்றுக்கான வசதி இரவிலும் உண்டா என்பதையும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால், இரவில் உண்மையாகவே இயங்கும் இடத்தைக் கண்டுபிடித்து, மாலை நெரிசலில் அங்கு சென்றுசேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வீட்டை முடிவு செய்யுங்கள்.

வாய்ச்சம்மதத்தோடு குடிபோவது

"நாய் இருந்தால் என்ன, பரவாயில்லை" என்ற உரிமையாளரின் வார்த்தை, அண்டைவீட்டார் முதல் புகார் சொல்லும் நாள் வரைதான் நிற்கும். விலங்கின் வகை, எண்ணிக்கை, சேதத்துக்கு முன்பணத்தில் எவ்வளவு பிடிக்கலாம் என்பவை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் விதிகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

பிராணியை மறைத்துக் குடிபோவது

கூடவே கூடாது.

லிப்டைப் பற்றிக் கேட்காமல் விடுவது

சில குடியிருப்புகள் நாயை அனுமதித்துவிட்டு லிப்டில் ஏற்ற மறுக்கின்றன. நடக்க முடியாத 30 கிலோ நாயை ஐந்தாம் மாடியிலிருந்து போர்வையில் கிடத்தி இறக்க இரண்டு பேர் வேண்டும்; தனியாக வசிப்பவர் கீழ்த்தளத்தில் வீடு பார்ப்பதே நல்லது.