காத்திருப்பு அறையில் ஒரு வணக்கம்: அதற்குப் பிறகு நேரும் தவறுகள்

கிளினிக்கில் முறைக்காகக் காத்திருக்கும்போது, பக்கத்து இருக்கையில் வந்து அமர்பவருக்கு ஒரு புன்னகையோ, ஒரு வணக்கமோ, லேசான தலையசைப்போ தருவதை அநேகமாக யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. சிக்கல் அதற்கு அடுத்த அரை நிமிடத்தில்தான் தொடங்குகிறது. வந்தவர் இரண்டு வார்த்தை பேசினால் தேவலை என்று இருக்கிறாரா, வணக்கத்தோடு விட்டுவிட்டால் போதும் என்று இருக்கிறாரா என்பதை அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உணர்ந்தாக வேண்டும். பேருந்து நிறுத்தத்திலோ பூங்காவிலோ பேச்சு பிடிக்காதவர் நாலடி தள்ளிப் போய் நின்றுகொள்ளலாம். இங்கே அப்படி முடியாது. பெயரையோ டோக்கன் எண்ணையோ எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாது, வேறு இருக்கையும் காலியாக இருக்காது, உடம்பும் முடியாமல் இருக்கும். எழுந்து போக முடியாத ஒருவரிடம் பேசுகிறோம் என்பதை மறப்பதிலிருந்துதான் மற்றத் தவறுகள் பலவும் கிளைக்கின்றன.

அவற்றில் அதிகம் நடப்பது, வணக்கத்தோடு ஒரு கேள்வியையும் சேர்த்து வைப்பது. உரையாடல் எப்படி நடக்கிறது என்பதை ஆராய்ந்த ஹார்வி சாக்ஸும் இமானுவேல் ஷெக்லாஃபும் 1970-களில் ஒன்றை விளக்கினார்கள்: பேச்சில் சில கூற்றுகள் இணையாகத்தான் வரும். வணக்கத்துக்கு வணக்கம், கேள்விக்குப் பதில், அழைப்புக்குச் சம்மதம் அல்லது மறுப்பு என்று முதல் பாதியை ஒருவர் சொல்லிவிட்டால், இரண்டாவது பாதியைச் சொல்லும் கடமை மற்றவர் மேல் விழுந்துவிடுகிறது. சொல்லாவிட்டால் அந்த மௌனம் தனியாகத் துருத்திக்கொண்டு தெரியும். வணக்கம் கேட்பது ஒரு தலையசைப்பை மட்டும்தான். அதை யாராலும் கொடுத்துவிட முடியும். “உடம்புக்கு என்ன?” என்ற கேள்வியோ, முன்பின் தெரியாதவரிடம், நான்கு பேர் காதில் விழும் இடத்தில், தம் நோயைச் சொல்லும்படி கேட்கிறது. மூல நோய்க்கோ, கருச்சிதைவுக்கோ, மனச்சோர்வுக்கோ வந்திருப்பவர் அந்த நொடியில் பொய் சொல்ல வேண்டும், அல்லது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். “எந்த டாக்டரைப் பார்க்க வந்திருக்கீங்க?” என்பதும் பல துறை மருத்துவர்கள் அமரும் இடத்தில் அதே கேள்விதான், கொஞ்சம் சுற்றி வருகிறது.

இதற்குப் பதிலாக, இருவருக்கும் பொதுவான ஏதாவது ஒன்றைப் பற்றி, பதில் எதிர்பார்க்காத ஒரு வாக்கியம் சொல்லலாம். “இன்னைக்குக் கூட்டம் கொஞ்சம் அதிகமா இருக்கு” என்று சொன்னால், கேட்டவர் “ஆமாம்” என்று முடிக்கலாம், மேலே இரண்டு வார்த்தை சேர்க்கலாம், வெறுமனே தலையை ஆட்டலாம். மூன்றில் எதைச் செய்தாலும் அவருக்குச் சங்கடம் இல்லை. கேள்வியே கூடாது என்றும் இல்லை. “இந்த இடம் காலியா?” போல ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும் காரியக் கேள்விகள் யாரையும் நெருக்குவதில்லை.

அடுத்தது, வரும் பதிலைச் சரியாக எடைபோடாமல் விடுவது. பதில் கனிவாக இருந்தால் பேச விருப்பம், சுருக்கமாக இருந்தால் விருப்பமில்லை என்று கணக்குப் போடுவது பாதி நேரம் தவறிவிடும், ஏனெனில் மரியாதை தெரிந்தவர்கள் விருப்பம் இல்லாதபோதும் கனிவாகவே பதில் சொல்வார்கள். கவனிக்க வேண்டியது, நாம் சொன்னதற்கு மேல் அவராகச் சேர்த்தது ஏதாவது உண்டா என்பதுதான். நம் வார்த்தையின் அளவுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு நிறுத்துகிறார் என்றால் கணக்குத் தீர்ந்தது. நாம் கேட்காத ஒன்றை அவரே சொல்கிறார், அல்லது நம்மிடம் திருப்பி ஒன்றைக் கேட்கிறார் என்றால், கதவைத் திறப்பவர் அவர். பதில் சொன்ன பிறகு பார்வை எங்கே போகிறது என்பதும் உதவும்: கைப்பேசிக்கோ, மடியில் இருக்கும் காகிதத்துக்கோ, எண் காட்டும் பலகைக்கோ உடனே திரும்பிவிட்டால் அதுவே விடை. தோளும் முழங்காலும் நம் பக்கம் கொஞ்சம் திரும்பி அப்படியே நின்றால் அது வேறு விடை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். நடுவயதுப் பெண் ஒருவர் காத்திருக்கிறார். எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர் கையில் பெரிய ஸ்கேன் உறையோடு வந்து, ஓர் இருக்கை விட்டு அமர்கிறார். அவர் உட்கார்ந்து, உறையை மடியில் வைத்து, மூச்சு நிதானப்படும் வரை அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறார். இதுவே முதல் நல்ல காரியம், ஏனெனில் வந்தவுடன் பேசினால் பாதி பேர் என்ன சொன்னோம் என்பதையே கவனிப்பதில்லை. பிறகு கண்கள் சந்தித்தபோது “வணக்கம் ஐயா” என்கிறார். பெரியவர் “வணக்கம்மா” என்று சொல்லிவிட்டு உறையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருக்கிறார். பெண் சற்றுப் பொறுத்து, “ரொம்ப நேரமா அதே நம்பர்தான் ஓடிக்கிட்டிருக்கு” என்கிறார். பெரியவர் பலகையைப் பார்த்து, “ம்” என்கிறார்.

இங்கே இரண்டு வழிகள் பிரிகின்றன. “ரிப்போர்ட் காட்ட வந்தீங்களா ஐயா?” என்று கேட்பதற்குத்தான் நாக்கு துடிக்கும், ஏனெனில் உறை கண்ணெதிரே இருக்கிறது, கேட்பதில் அக்கறையும் இருக்கிறது. ஆனால் இரண்டு முறையும் அவர் கொடுத்தது வந்த அளவு மட்டுமே. தாமாக எதையும் சேர்க்கவில்லை. அந்த உறைக்குள் என்ன இருக்கிறது என்பது ஒருவேளை அவருக்கே இன்னும் தெரியாமல் இருக்கலாம். ஆகவே அந்தப் பெண் லேசாகப் புன்னகைத்துத் தன் பார்வையை முன்னால் திருப்பிக்கொள்கிறார். அதற்காக உடம்பைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிக் கோபம்போல் காட்டுவதில்லை. ஐந்து நிமிடம் கழித்துப் பெரியவரே, “என் மகன் வண்டியை நிறுத்தப் போனான், இன்னும் காணோம்” என்கிறார். இப்போதுதான் அவர் எதையோ சேர்த்திருக்கிறார்; அதுவும் நோயைப் பற்றி அல்ல, மகனைப் பற்றி. “வெளியே இடம் கிடைக்கிறது கஷ்டமாத்தான் இருக்கும் ஐயா, உங்க நம்பர் வந்தா நான் சொல்றேன்” என்ற பதில் அவர் திறந்த இடத்தில் நிற்கிறது. உறையைப் பற்றிய பேச்சுக்கு அது தாவுவதில்லை.

அந்த ஐந்து நிமிட மௌனத்தைத் தாங்க முடியாமல் போவதுதான் பலருக்கும் நேரும் தவறு. 2009-ல் பத்து மொழிகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் மற்றவர் பதில் தொடங்குவதற்கும் இடையிலான இடைவெளி சராசரியாக ஏறக்குறைய 0.2 விநாடியே என்று தெரிய வந்தது. அவ்வளவு வேகத்துக்குப் பழகிய காதுக்கு, ஒரு முழு விநாடித் தாமதமே மறுப்பாகத் தோன்றும். உடனே அதை நிரப்ப அடுத்த கேள்வியை எறிந்துவிடுவோம். காய்ச்சலோ வலியோ உள்ளவருக்குப் பதில் மெதுவாகத்தான் வரும். இரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றில் வந்தவருக்கும் அப்படித்தான். இன்னொருவர் ஒரு காதை எப்போதும் உள்ளே கூப்பிடும் குரலுக்கே கொடுத்திருப்பார். அவரது அரைகுறைப் பதிலுக்கு நம்மீது எந்த வெறுப்பும் காரணமில்லை. பதிலே வராவிட்டால், அவருக்குக் கேட்கவில்லை என்பது முதலில் நினைவுக்கு வர வேண்டும். அப்போதும் குரலை உயர்த்தி மறுபடி சொல்லாமல், கண்கள் சந்திக்கும்போது ஒரு தலையசைப்போடு விடுவதே நல்லது. முகக்கவசம் இருந்தால் வாயின் புன்னகை யாருக்கும் தெரியாது என்பதால், தலையசைப்பு இன்னும் அவசியமாகிறது.

இவ்வளவையும் படித்துவிட்டு, வம்பே வேண்டாம், யாரிடமும் வாய் திறக்காமல் இருந்துவிடலாம் என்று முடிவு செய்வதும் ஒரு தவறுதான். நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் என்ற இரு ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், சிகாகோவில் ரயிலிலும் பேருந்திலும் செல்பவர்கள், அறிமுகமில்லாதவரிடம் பேசினால் பயணம் கசக்கும் என்று முன்கூட்டியே எண்ணினார்கள். ஆனால் உண்மையில் பேசியவர்கள் அமைதியாக இருந்தவர்களைவிட மகிழ்ச்சியான பயணம் என்றே சொன்னார்கள். பிறர் நம்மோடு பேச விரும்ப மாட்டார்கள் என்ற எண்ணம் பெரும்பாலும் மிகையானது என்பதற்கு இது சான்று. அதே சமயம், அவர்கள் வேலைக்குப் போய் வருபவர்கள். முடிவு தெரியாத பரிசோதனைக்குக் காத்திருந்தவர்கள் அல்லர். ஆகவே இந்த ஆய்வை வணக்கம் சொல்லும் துணிச்சலுக்கு எடுத்துக்கொள்ளலாம், பேச்சை வளர்க்கும் உரிமைக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது.

துணைக்கு ஒருவரோடு வந்திருக்கும் முதியவரையோ சக்கர நாற்காலியில் இருப்பவரையோ தாண்டி, கூட வந்தவரிடம் மட்டும் பேசுவதும் அடிக்கடி நடக்கிறது. அவர் காதுபடவே “இவங்களுக்கு என்ன?” என்று மற்றவரிடம் கேட்பதைப் போல ஒருவரைச் சிறுமைப்படுத்துவது வேறில்லை. முதல் வணக்கம் நோயாளிக்கே போக வேண்டும். பதிலைத் துணைக்கு வந்தவர் சொன்னால் அதை ஏற்றுக்கொள்ளலாம்.

பேச்சு நன்றாகவே போய்க்கொண்டிருக்கும்போது நேரும் தவறு, ஆறுதல் என்ற பெயரில் முடிவு சொல்வது. ஒருவர் தாமாகவே தம் கவலையைச் சொன்னால், “ஒண்ணும் இருக்காது, எல்லாம் சரியாயிடும்” என்று நாம் சொல்வதற்கு எந்த ஆதாரமும் நம்மிடம் இல்லை. கேட்பவருக்கு அது பேச்சை மூடச் சொல்வதுபோலவும் படலாம். “காத்திருக்கிறதுதான் பெரிய கஷ்டம்” என்பது உண்மை, அதைச் சொல்லலாம். நமக்கோ நம் உறவினருக்கோ இதே நோய் வந்த கதையையும், என்ன மாத்திரை கேட்டது என்பதையும் அவர் கேட்காத வரை சொல்லாமல் இருப்பது நல்லது.

கடைசியாக, ஒருவர் மருத்துவரைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நேரம். உள்ளே போகும் முன் சிரித்துப் பேசியவர் என்ற உரிமையில் “என்ன சொன்னாங்க?” என்று கேட்டுவிடுகிறோம். உள்ளே இருந்த பத்து நிமிடத்தில் அவருடைய நிலைமை முற்றிலும் மாறியிருக்கலாம். முன்பு திறந்திருந்த கதவு இன்னும் திறந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெளியே வருபவர் முதலில் நம்மைப் பார்க்கிறாரா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் மருந்துச் சீட்டோடு நேராக நடந்தால் போக விட வேண்டும். பார்த்தால், “போய்ட்டு வாங்க” என்று ஒரு தலையசைப்பு. அவர் நின்று தாமாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.