பொரித்த எண்ணெயை வடிகட்டி வையுங்கள்

வடை, அப்பளம் பொரித்து மிஞ்சிய எண்ணெயைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, எஃகு வடிகட்டியில் ஈரமில்லாத மெல்லிய பருத்தித் துணியை இரண்டாக மடித்துப் போட்டு வடித்து, மூடி போட்ட பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வையுங்கள். அடியில் தங்கும் மாவுத்தூள்தான் அடுத்த சூட்டில் கருகி எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கிறது, அதனால் அந்தக் கசடை மட்டும் சேர்க்கவே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுவது நல்லது; திரும்பப் பொரிப்பதென்றால் இன்னும் ஒருமுறை, அவ்வளவுதான்.

மீன், கோழி பொரித்த எண்ணெய்க்கு இது சரிவராது. கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு முன்பே புகைந்தாலோ, பொரிக்கும்போது நுரை அடங்காமல் நின்றாலோ, சிக்கு வாடை வந்தாலோ அதை வடிகட்டியும் பயனில்லை, கொட்டிவிடுங்கள், ஆனால் சிங்க்கில் வேண்டாம், குழாய் அடைத்துக்கொள்ளும்.