காதுகுத்து மேடையில் தனியாளாகப் பாடுவது, தொகுப்பது, அடுத்த அழைப்பை வாங்குவது

மதுரைப் பக்கம் புதிதாக மைக் பிடிக்க வருகிறவர்களுக்குக் காதுகுத்துதான் நல்ல தொடக்கம். கல்யாண ரிசப்ஷனுக்கு முழு ஆர்கெஸ்ட்ரா கேட்பார்கள். பிறந்தநாளில் கேக் வெட்டியதும் கூட்டம் கலைந்துவிடும். காதுகுத்துக்கோ காலை பத்து மணியிலிருந்து பந்தி முடியும் வரை ஆள் வேண்டும், ஆனால் பத்துப் பேர் குழுவை வைக்கிற அளவுக்கு எல்லா வீட்டிலும் பணம் இருக்காது. கரோக்கி டிராக் போட்டுப் பாடவும், நடுவில் தெளிவாக நாலு வார்த்தை பேசவும் தெரிந்த ஒருவர் போதும்.

இன்னொரு காரணமும் உண்டு. உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர் பக்கமெல்லாம் இன்றைக்கு மொய் வைத்தவர் நாளைக்கு அதைத் திரும்ப வாங்க ஒரு விசேஷம் வைத்தாக வேண்டும். ஆக, பந்தியில் உட்கார்ந்திருக்கிறவர்களில் பலர் அடுத்த சில வருடங்களில் விசேஷம் வைக்கப் போகிறவர்கள். அதே கூட்டம்தான் அங்கேயும் கூடும். இதை மனதில் வைத்து வேலை செய்தால், விளம்பரத்துக்கு அலைய வேண்டியதில்லை.

1. பாட்டும் கட்டையும்

இருபத்தைந்து பாட்டு கைவசம் இருந்தால் ஆரம்பிக்கலாம். தொடக்கத்துக்குச் சாமி பாட்டு மூன்று, அண்ணன் தங்கைப் பாசமும் தாய்மாமன் உறவும் வருகிற பாட்டுகள் ஐந்தாறு, பந்தி நேரத்துக்கு எண்பதுகளின் மெலடி பத்து, மீதி துள்ளல் பாட்டு. ஒவ்வொன்றையும் உங்கள் கட்டைக்கு இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கடையிலோ இணையத்திலோ கிடைக்கிற டிராக் பெரும்பாலும் சினிமாவில் பாடியவரின் சுருதியில்தான் இருக்கும். கணினியில் Audacity இருந்தால் Change Pitch என்ற இடத்தில் அரை அரைக் கட்டையாக ஏற்றி இறக்கலாம். மூன்று நான்கு அரைக்கட்டைக்கு மேல் இறக்கினால் தபலா சொதசொதவென்று கேட்கும்; அப்படிப்பட்ட பாட்டை விட்டுவிட்டு வேறு எடுப்பது நல்லது.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சரணத்தில் உச்சிக்குப் போகிற வரியை மட்டும் நின்றுகொண்டு தொடர்ந்து மூன்று தடவை பாடுங்கள். மூன்றாவது தடவை கழுத்து இறுகினால் அரைக்கட்டை இறக்குங்கள். சாயங்காலம் பழகும்போது வருகிற உச்சம் காலை பத்து மணிக்கு வராது, காதுகுத்து காலையில் நடக்கிற விசேஷம். ஆகவே பழகுகிற பாட்டை ஒருமுறையாவது காலை எட்டு மணிக்குப் பாடிப் பார்த்துவிடுங்கள்.

2. பெயர்த்தாள்

இந்த வேலையில் பாட்டைவிடப் பெரியது இதுதான். பாட்டில் ஒரு வரி பிசகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். சின்ன மாமன் பெயரைப் பெரிய மாமன் பெயருக்கு முன்னால் சொல்லிவிட்டால் அந்த மண்டபத்திலேயே சண்டை வரும், அடுத்த விசேஷத்துக்கு உங்களைக் கூப்பிடவும் மாட்டார்கள்.

விசேஷத்துக்கு நான்கைந்து நாள் முன்னால் பத்திரிகையை வாட்ஸ்ஆப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போனில் உட்கார்ந்து பேச வேண்டும். இளவட்டத்திடம் கேட்டால் பாதிதான் தெரியும். குழந்தையின் அப்பத்தாவோ அம்மாச்சியோ கிடைத்தால் இன்னும் நல்லது.

ஒரு உதாரணம் பார்ப்போம். உசிலம்பட்டி பக்கம் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை. அக்கா, தம்பி என இரண்டு குழந்தைகளுக்குக் காதணி விழா. தாய்மாமன்கள் மூன்று பேர், மூவரும் தனித்தனியாகச் சீர் கொண்டுவருகிறார்கள். போனில் பேச்சு இப்படிப் போகும்:

"அம்மாச்சி, மூணு மாமன்ல யாரு மூத்தவரு?"

"மூத்தவன் திருப்பூர்ல இருக்கான்யா. ஆனா மடியில உக்கார வைக்கிறது நடு மாமன்தான்."

இந்த ஒரு பதிலில் இரண்டு விஷயம் கிடைத்துவிட்டது. பெயர் சொல்லும்போது மூத்தவர் முதலில், மடியில் உட்கார வைக்க மேடைக்கு அழைக்கும்போது நடு மாமன். இதை நீங்களாக ஊகித்திருக்க முடியாது. தொடர்ந்து கேட்க வேண்டியவை: ஒவ்வொரு மாமனின் முதலெழுத்து, ஊர், மனைவி பெயர், பங்காளிகளில் யார் யாரை வரவேற்க வேண்டும், ஊரில் எல்லாரும் கூப்பிடுகிற பட்டப்பெயரை மைக்கில் சொல்லலாமா. பட்டப்பெயரில் பெருமைப்படுகிற வீடும் உண்டு, முறைக்கிற வீடும் உண்டு.

பத்திரிகையில் 'தெய்வத்திரு' என்று போட்டிருக்கிற பெயர்களைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். அச்சடித்த பிறகு யாராவது தவறியிருக்கிறார்களா என்றும் நாசூக்காகக் கேட்டுவிட வேண்டும். இறந்தவரை "மேடைக்கு வருமாறு அழைக்கிறோம்" என்று அழைத்தவர்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் இன்னமும் பேசுகிறார்கள்.

கேட்டதையெல்லாம் பெரிய எழுத்தில், ஒரு தாளில், ஒரே பக்கத்தில் எழுதுங்கள். போனில் வைத்துக்கொள்ளக் கூடாது, போன் டிராக்குக்கு வேண்டும். காலையில் மண்டபத்துக்குப் போனதும் குழந்தையின் அப்பாவிடம் அந்தத் தாளை வாசித்துக் காட்டிச் சரி வாங்கிக்கொண்டால், பிறகு எந்தக் குறை வந்தாலும் அது உங்கள் தலையில் விழாது.

3. மண்டபத்தில் முதல் அரை மணி

பத்து மணி விசேஷம் என்றால் எட்டரைக்கு மண்டபத்தில் இருங்கள். சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் முதலில் பேசுங்கள். அவர் மாதத்துக்கு எத்தனை மண்டபம் பார்க்கிறார் என்று யோசித்தால் ஏன் என்று புரியும். உங்கள் சொந்த வயரைக் கொண்டுபோய்விடுங்கள்: ஒரு முனையில் போன் பின், மறுமுனையில் மிக்சருக்குப் போகிற பெரிய பின். புதுப் போன் பலவற்றில் இயர்போன் துளையே இருப்பதில்லை, அதற்கான இணைப்பு வயரையும் சேர்த்து இரண்டு செட் வையுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் போட மறக்காதீர்கள். பாட்டு நடுவில் லோன் வேண்டுமா என்று வருகிற போன், மண்டபம் முழுக்க ரிங்டோனாகக் கேட்கும்.

மைக் கூவினால் சத்தத்தைக் குறைக்கும் முன்னால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள். பாக்ஸுக்கு முன்னால் நின்றால் அதன் சத்தம் மைக்குக்குள் திரும்பப் போய்க் கூவும். பாக்ஸுக்குப் பின்னால் இரண்டடி நகர்ந்தாலே நின்றுவிடும். மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் கூவும். கார்ட்லெஸ் மைக்குக்குப் புது பேட்டரி கேட்டு வாங்குங்கள், அல்லது நீங்களே ஒரு ஜோடி வைத்திருங்கள்.

4. எப்போது பாடக் கூடாது

சாமி பாட்டில் ஆரம்பித்து வரவேற்பு வரை சுலபம். முதல் சீர் மண்டப வாசலுக்கு வந்ததும் டிராக்கை நிறுத்திவிடுங்கள். சீர் செண்டை மேளத்தோடோ தப்போடோ வரும், வெடி போடுவார்கள். அதற்கு மேல் நீங்கள் பாடினால் இரண்டும் கேட்காது. சீர் கொண்டுவருகிறவர் தன் மேளத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்திருக்கிறார். தட்டுகள் மேடைக்கு வந்து மேளம் ஓய்ந்தபின், தாளைப் பார்த்து நிதானமாகப் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். தட்டு எத்தனை, நகை எத்தனை பவுன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று மாமன்களில் ஒருவர் குறைவாகத்தான் செய்திருப்பார். வீட்டார் கட்டாயம் சொல்லச் சொன்னால், மூன்று மாமன்களிடமும் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பத்தர் ஊசியை எடுக்கும்போது நாதஸ்வரம் தவில் இருந்தால் கெட்டிமேளம் அவர்கள் பொறுப்பு, நீங்கள் மௌனம். மேளம் இல்லாத வீட்டில் மெல்லிய வாத்திய டிராக் மட்டும் ஓடட்டும். குழந்தை வீரிட்டு அழும். அந்த நேரத்தில் "குட்டிப் பாப்பா அழுகிறாள்" என்று மைக்கில் நகைச்சுவை செய்கிறவர்களைக் குழந்தையின் அம்மாவுக்குப் பிடிக்காது. அழுகை அடங்கி, மிட்டாய் கைக்கு வந்ததும் ஒரு துள்ளல் பாட்டு எடுங்கள்.

பந்தி ஆரம்பித்ததும் சத்தத்தைப் பாதியாகக் குறைக்கச் சொல்லுங்கள். பக்கத்து இலைக்காரரிடம் கத்தாமல் பேச முடிய வேண்டும், அதுதான் அளவு. மொய் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் பாக்ஸ் இருந்தால் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். பெயரைத் தப்பாகக் காதில் வாங்கித் தப்பாக எழுதினால் அது வருடக்கணக்கில் போகிற தகராறு.

5. சீட்டு வரும்

பதினொன்றரை மணிக்கு மேல் துண்டுச் சீட்டில் விருப்பப் பாட்டு வர ஆரம்பிக்கும். தெரிந்தால் பாடுங்கள், தெரியாததை அரைகுறையாகப் பாட வேண்டாம். சாதிப் பெருமை பாட்டும் கட்சிப் பாட்டும் கேட்டு வருகிற சீட்டுதான் சிக்கல். இதை மேடையில் முடிவு செய்யக் கூடாது. முதல் போனிலேயே "அந்த மாதிரிப் பாட்டு நான் பாடுறதில்லைண்ணே" என்று சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுப் புக்கிங்கை விடுகிற வீடு சில இருக்கும், போகட்டும். அன்றைக்கு யாராவது குடித்துவிட்டு வந்து மல்லுக்கு நின்றால், பதில் சொல்வது உங்கள் வேலை இல்லை. முன்கூட்டிப் பேசி வைத்த வீட்டு ஆள் ஒருவரைக் கண்ணால் காட்டிக் கூப்பிடுங்கள்.

6. பணமும் நோட்டும்

நம் உதாரண வீட்டுக்கு 7,000 ரூபாய் பேசியிருக்கிறீர்கள் என்று வைப்போம். 2,000 முன்பணம் வந்த பிறகுதான் தேதியை உறுதி செய்ய வேண்டும். மீதியைப் பந்தி நடக்கும்போதே வாங்கிவிடுங்கள். மண்டபக் கணக்கு, சமையல் கணக்கு பார்க்கிற நேரத்தில் போய் நின்றால் உங்கள் முறை சாயங்காலம்தான் வரும். பணத்தைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். பெரும்பாலும் அது குழந்தையின் அப்பாவாக இருக்காது, ஒரு சித்தப்பாவாக இருக்கும். மண்டப மேனேஜரோ போட்டோகிராபரோ புக்கிங் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் கேட்டால், முதல் தடவை கொடுக்கலாம். அதை வீட்டார் தலையில் ஏற்றிச் சொன்னால், அடுத்த தடவை வீட்டார் உங்களை விலை கூடியவர் என்று நினைப்பார்கள்.

அன்று இரவே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, ஊர், எந்த வீடு, என்னென்ன பாட்டு பாடினீர்கள், எதற்குக் கூட்டம் எழுந்து நின்றது, மூன்று மாமன்களின் ஊரும் அவர்களுக்கு எத்தனை குழந்தைகள் என்பதும். பாட்டுப் பட்டியல் எதற்கு என்றால், ஆறு மாதம் கழித்து நடு மாமன் வீட்டுக் காதுகுத்தில் அதே கூட்டம்தான் இருக்கும். அதே வரிசையில் அதே பாட்டைப் பாடினால் "இவனுக்கு இவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிடுவார்கள். பாதிப் பாட்டை மாற்றுங்கள், எழுந்து நின்ற இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வீட்டாருக்கு ஒரு நன்றிச் செய்தி போதும், தினமும் காலை வணக்கம் அனுப்பித் தொல்லை செய்ய வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் போன்ற வீட்டு விசேஷங்கள் குறைந்துவிடும். அந்த மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து, ஆவணிக்கும் தைக்கும் தேதி பார்க்கிற வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போடுங்கள். மூன்று மாமன்களில் மடியில் உட்கார வைத்தவரிடம் முதலில் பேசுங்கள். அவர் பெயரைத்தான் நீங்கள் மைக்கில் அதிக முறை சொல்லியிருக்கிறீர்கள்.