சிதறிக் கிடக்கும் குறிப்புகளைக் கட்டுரைச் சட்டகமாக்குவது எப்படி?

கட்டுரைத் தலைப்பைக் கேட்டதும் பெரும்பாலான மாணவர்களால் பத்துக் குறிப்புகளை எழுதிவிட முடிகிறது. திணறல் அதன் பிறகுதான் வருகிறது. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எங்கே முடிப்பது என்று தெரியாமல், குறிப்புகள் தோன்றிய வரிசையிலேயே அவற்றைப் பத்திகளாக நீட்டிவிடுகிறார்கள். குறிப்புகளுக்கும் கட்டுரைக்கும் நடுவே இருக்க வேண்டிய குறிப்புச்சட்டகத்தை உருவாக்கும் முறையை, ஒரே ஒரு தலைப்பை முழுவதுமாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொள்வோம்.

தலைப்பு: பள்ளிகள் காலையில் தாமதமாகத் தொடங்க வேண்டுமா? ஒரு மாணவரின் நோட்டில் இருக்கும் குறிப்புகள் இவை.

1. முதல் பாடவேளையில் தூங்கி வழிவது
2. கைப்பேசி
3. மெலடோனின்
4. 8 முதல் 10 மணி நேரத் தூக்கம்
5. பெற்றோரின் வேலை நேரம்
6. மாலை விளையாட்டு
7. கலிபோர்னியா சட்டம்
8. தூக்கம் குறைந்தால் மறதி
9. சியாட்டில் ஆய்வு
10. அந்தக் காலத்தில் எல்லோரும் அதிகாலையில் எழுந்தார்கள்

படி 1: ஒவ்வொரு குறிப்பையும் வாக்கியமாக்குங்கள்

‘கைப்பேசி’ என்பது பெயர் மட்டுமே. அது எதையும் சொல்லவில்லை. அதனால் அதை எங்கே வைப்பது என்றும் தெரியாது. வினைமுற்றோடு முடியும் ஒரு முழு வாக்கியமாக அதை மாற்றினால்தான் அந்தக் குறிப்பு என்ன வாதிடுகிறது என்பது வெளியே வரும்.

‘மெலடோனின்’ இப்படி ஆகிறது: “தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் வளரிளம் பருவத்தில் இரவு தாமதமாகவே சுரக்கத் தொடங்குவதால், சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வருவதில்லை.” ‘சியாட்டில் ஆய்வு’ இப்படி: “அமெரிக்க நகரமான சியாட்டிலில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்க நேரத்தை 7.50-இலிருந்து 8.45-க்குத் தள்ளியபோது, மாணவர்களின் தூக்கம் சுமார் 34 நிமிடம் கூடியது.” ‘கலிபோர்னியா சட்டம்’ இப்படி: “கலிபோர்னியாவில் 2019-இல் இயற்றப்பட்டு 2022-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கிராமப்புறப் பள்ளிகளுக்கு விலக்களித்து, மற்ற உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்கிறது.”

இந்தப் படியிலேயே சில குறிப்புகள் உதிர்ந்துவிடும். பத்தாவது குறிப்பைப் பாருங்கள். அதிகாலையில் எழுந்தவர்கள் எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று அதில் இல்லை. எனவே அது தாமதத் தொடக்கத்துக்கு ஆதரவாகவும் நிற்கவில்லை, எதிராகவும் நிற்கவில்லை. அதை அழித்துவிட வேண்டாம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் ‘ஒதுக்கியவை’ என்று தலைப்பிட்டு அங்கே எழுதி வையுங்கள். அழிக்கத்தான் மாணவர்களுக்கு மனம் வராது. ஒதுக்கி வைக்கத் தயங்கமாட்டார்கள்.

படி 2: குறிப்புகளை அவை செய்யும் வேலையைப் பார்த்துப் பிரியுங்கள்

பலரும் ‘உடல்நலம்’, ‘குடும்பம்’, ‘சட்டம்’ என்று பொருள் வாரியாகப் பிரிப்பார்கள். பார்க்க ஒழுங்காக இருந்தாலும் அது கட்டுரைக்கு உதவாது. மெலடோனினும் மறதியும் ‘உடல்நலம்’ என்ற ஒரே பெட்டியில் விழுந்துவிடும். ஆனால் ஒன்று காரணம், மற்றொன்று விளைவு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் எதனால் எது நேர்கிறது என்பது வாசகருக்குப் புரியாமல் போகும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேளுங்கள்: நீ ஒரு குறையைக் காட்டுகிறாயா, அதன் காரணத்தைச் சொல்கிறாயா, தீர்வு பலிக்கும் என்று நிறுவுகிறாயா, அல்லது மறுப்பு எழுப்புகிறாயா? நம் குறிப்புகளில் 1-உம் 8-உம் குறையைக் காட்டுகின்றன. 3-உம் 4-உம் காரணத்தைச் சொல்கின்றன. 7-உம் 9-உம் தீர்வைப் பற்றியவை. 5-உம் 6-உம் மறுப்புகள். இரண்டாவது குறிப்பான கைப்பேசி எதிலும் சரியாக அமரவில்லை. அதற்குத் திரும்ப வருவோம்.

படி 3: மையக்கருத்தை எழுதுங்கள்

முழுக் கட்டுரையும் நிறுவப்போகும் ஒரே வாக்கியம்தான் மையக்கருத்து. முதல் முயற்சியில் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: “பள்ளி நேரமும் மாணவர் தூக்கமும்.” இது தலைப்பு, இதில் எந்த முடிவும் இல்லை. அடுத்த முயற்சி: “மாணவர்களுக்குத் தூக்கம் மிகவும் அவசியம்.” இது முழு வாக்கியம்தான், ஆனால் இதை மறுப்பவர் யாரும் இல்லை. மறுக்க ஆளில்லாத ஒன்றை நிறுவ ஒரு கட்டுரை தேவையில்லை.

இரண்டு சோதனைகளைப் போட்டுப் பாருங்கள். நியாயமான ஒருவர் இதற்கு “இல்லை” என்று சொல்ல முடிய வேண்டும். வாக்கியத்துக்குப் பின் ‘ஏனெனில்’ என்று சேர்த்தால் உங்கள் குறிப்புகளிலிருந்தே விடை வர வேண்டும். இவ்விரண்டிலும் தேறும் வாக்கியம் இது:

“உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது. ஏனெனில் வளரிளம் பருவத்து உடல் இரவில் தாமதமாகவே தூங்கத் தயாராகிறது, அதிகாலைப் பள்ளியோ அந்தத் தூக்கத்தைப் பாதியில் முறிக்கிறது.”

இதில் யார், எவ்வளவு, ஏன் என்ற மூன்றுக்கும் விடை இருக்கிறது. ‘பள்ளிகள்’ என்பது ‘உயர்நிலைப் பள்ளிகள்’ என்று சுருங்கியிருப்பதைக் கவனியுங்கள். உங்களிடம் உள்ள சான்றுகள் வளரிளம் பருவத்தைப் பற்றியவை. ஆறு வயதுக் குழந்தைக்கும் சேர்த்துச் சொன்னால் கையில் ஆதாரமில்லாமல் நிற்பீர்கள்.

மையக்கருத்தோடு மோதும் குறிப்பை என்ன செய்வது?

இப்போது கைப்பேசிக்கு வருவோம். “இரவில் கைப்பேசி பார்ப்பதால் மாணவர்கள் தாமதமாகத் தூங்குகிறார்கள்” என்ற வாக்கியத்தைப் பலர் ‘தூக்கக் குறைவின் காரணங்கள்’ என்று ஒரு பத்தியில் மெலடோனினோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் கட்டுரை தன் காலைத் தானே வெட்டிக்கொள்ளும். கைப்பேசிதான் காரணம் என்றால், அதை அணைத்து வைப்பதுதானே தீர்வு? பள்ளி நேரத்தை ஏன் மாற்ற வேண்டும் என்று வாசகர் கேட்பார்.

ஆகவே இது ஆதரவுக் குறிப்பன்று. உங்களுக்கு வரப்போகும் மிக வலுவான மறுப்பு. சட்டகத்தில் அதற்கு ஒரு தனிப் பத்தி கொடுங்கள். மறுப்பை நேர்மையாக முன்வைத்து, அதில் உண்மையான பகுதியை ஒப்புக்கொண்டு, பிறகு பதில் சொல்லுங்கள்: கைப்பேசி தூக்கத்தைக் கெடுப்பது உண்மை, ஆனால் அதை அணைத்துவிட்டாலும் மெலடோனின் தாமதம் அப்படியேதான் இருக்கும். பள்ளி நேரத்தைத் தள்ளினால் மாணவர்கள் இன்னும் தாமதமாகத்தான் படுப்பார்கள் என்று ஒருவர் தொடர்ந்து கேட்டால், அதற்குச் சியாட்டிலில் கூடிய 34 நிமிடமே பதில். ஒன்பதாவது குறிப்புக்கு உரிய இடமும் இப்படிக் கிடைத்துவிடுகிறது.

படி 4: வரிசைப்படுத்துங்கள்

வலுவானதை முதலில் வைப்பதா, கடைசியில் வைப்பதா என்று குழம்ப வேண்டாம். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரே கேள்வி போதும்: இதை ஏற்பதற்கு முன் வாசகருக்கு எது தெரிந்திருக்க வேண்டும்? கலிபோர்னியா சட்டம் கனமாகத் தெரிவதால் அதைத் தொடக்கத்தில் வைக்க ஆசை வரும். ஆனால் மாணவர்களால் ஏன் சீக்கிரம் தூங்க முடியவில்லை என்று தெரியாத வாசகருக்கு அது எங்கோ இருக்கும் ஒரு சட்டம், அவ்வளவுதான். மெலடோனின் தாமதம் முதலில் வர வேண்டும்; தூக்க நேரக் கணக்கு அதன் பிறகு; சட்டம் நடைமுறைச் சிக்கல்களைப் பேசும் இடத்தில்.

இப்போது சட்டகம்:

- முன்னுரை: முதல் பாடவேளையில் மாணவர்கள் தூங்கி வழிகிறார்கள், கேட்டது மனத்தில் நிற்பதில்லை. (1, 8) பத்தியின் இறுதியில் மையக்கருத்து.
- கருத்து 1: வளரிளம் பருவத்தில் மெலடோனின் தாமதமாகச் சுரப்பதால் சீக்கிரம் தூங்குவது எளிதன்று. (3)
- கருத்து 2: ஆகவே அதிகாலைப் பள்ளியில் கணக்கு ஒத்துவராது: இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை, இரவு 11-க்குத் தூங்கி 7.30 மணிப் பள்ளிக்காக 6-க்கு எழுந்தால் 7 மணி நேரமே கிடைக்கிறது. (4)
- கருத்து 3: கைப்பேசிதான் காரணம் என்பது பாதி உண்மை, தொடக்க நேரத்தை மட்டும் மாற்றிய இடத்திலும் தூக்கம் கூடியது. (2, 9)
- கருத்து 4: பெற்றோரின் வேலை நேரமும் மாலை விளையாட்டும் உண்மையான தடைகள், ஆனால் விலக்குகளோடு ஒரு மாநிலமே இதைச் செய்திருக்கிறது. (5, 6, 7)
- முடிவுரை

அடைப்புக்குறிக்குள் இருப்பவை பழைய குறிப்பு எண்கள். ஒரு வரியில் எண்ணே இல்லையென்றால் அந்தக் கருத்துக்கு உங்களிடம் சரக்கில்லை என்று பொருள்; தேடிப் பிடியுங்கள் அல்லது நீக்குங்கள்.

படி 5: முடிவுரையை முன்கூட்டியே தீர்மானியுங்கள்

முடிவுரையில் புதிய சான்று வரக் கூடாது. மையக்கருத்தை அதே சொற்களில் திரும்ப எழுதினாலும் வாசகருக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. “நான் சொன்னதை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அடுத்து என்ன?” என்ற கேள்விக்கு ஒரு வாக்கியம் எழுதிப் பாருங்கள். நம் கட்டுரைக்கு இப்படி அமையலாம்: “ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை, ஒரு பள்ளி ஒரு பருவத்துக்கு மட்டும் நேரத்தை மாற்றி, முதல் பாடவேளையின் வருகைப் பதிவை முந்தைய பருவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.” கருத்து 4-இல் ஒப்புக்கொண்ட தடைகளை மதித்துச் சொன்ன யோசனை இது. அதனால்தான் இந்த முடிவுரை வேறொரு கட்டுரைக்குப் பொருந்தாது.

படி 6: இணைப்புச் சொல்லால் சோதியுங்கள்

சட்டகத்தின் வரிகளை மட்டும் உரக்கப் படியுங்கள். ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் இடையே ‘ஆகவே’, ‘ஆனால்’, ‘ஏனெனில்’, ‘என்றாலும்’ ஆகியவற்றில் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். பொருந்தினால் வரிசை சரி. எல்லா இடத்திலும் ‘மேலும்’ மட்டுமே பொருந்தினால் உங்களிடம் இருப்பது பட்டியல். வரிகளை எப்படி மாற்றி அடுக்கினாலும் ஒன்றும் கெடாது என்றால் வரிசை இன்னும் பிறக்கவில்லை. நாலாவது படிக்குத் திரும்புங்கள்.

பிறகு ஒவ்வொரு கருத்தையும் கையால் மறைத்துப் படியுங்கள். கருத்து 1-ஐ மறைத்தால் கருத்து 2-இல் வரும் ‘இரவு 11’ எங்கிருந்து வந்தது என்று புரியாது. ஆகவே அது தேவை. மறைத்தும் எதுவும் குறையாத வரி இருந்தால், அதன் இடம் கடைசிப் பக்கத்து ‘ஒதுக்கியவை’.

600 சொல் கட்டுரை என்றால் முன்னுரைக்கு 80, முடிவுரைக்கு 60 போக, மீதியை நான்காகச் சமமாய்ப் பிரிக்காதீர்கள். மறுப்புக்குப் பதில் சொல்லும் கருத்து 3-க்கு 150 வரை கொடுங்கள். எழுதும்போது புதிய யோசனை தோன்றினால் பத்தியில் நேரே நுழைக்காமல், வாக்கியமாக்கிச் சட்டகத்தில் எழுதி, அதே இணைப்புச் சொல் சோதனையை வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள்.